காதைத்தான் பார்த்தேன்

விழுப்புரம் ஜங்ஷனுக்கு எதிரே எனக்கு ஒரு போட்டோக் கடை இருந்தது. "விருத்தாசலம் பார்த்துச் சொன்னால் சரி" என்று ஊரில் ஒரு பேச்சு. அதைக் கேட்டால் எனக்கு உச்சி குளிர்ந்து போகும். நாசமாய்ப் போக அந்தப் பெருமை. முப்பத்தெட்டாம் வருஷம் அதுதான் என்னைக் கெடுத்தது, என்னோடு இன்னொரு மனுஷனையும் சேர்த்து.

அப்போது பாடி நடிக்கிற கானமணி சிவராமன் படம் என்றால் சினிமாக் கொட்டகையில் தலை தெரியாது, அவ்வளவு கூட்டம். அவரைப் போலவே சாயல் உள்ள அப்பாதுரை என்ற நாடகக்காரன் ஒருவன் 'சின்ன சிவராமன்' என்று போர்டு போட்டுக்கொண்டு திருக்கோவிலூர், கள்ளக்குறிச்சிப் பக்கமெல்லாம் சுற்றினான். அதே கிராப்பு, கன்னத்தில் மையால் வைத்த மச்சம். எட்டணா கொடுத்தால் யார் பக்கத்திலும் நின்று படம் எடுத்துக்கொள்வான். அந்தப் படத்தைக் காட்டி, சிவராமன் என் சிநேகிதர் என்று சொல்லிப் பெண் கட்டினவன்கூட உண்டு.

ஒருநாள் டூரிங் டாக்கீஸ் நடத்துகிற கோதண்டபாணி கடைக்கு வந்தார். அவருக்குப் பின்னால் திண்டிவனம் பேண்டு செட்டில் கிளாரினெட் வாசிக்கிற தேவசகாயம். மிஷன் கோயிலை ஒட்டிய காலனிக்காரர். அவர் வாசலிலேயே நின்றுவிட்டார், நானும் உள்ளே வரச் சொல்லவில்லை. கோதண்டபாணி ஒரு படத்தை மேஜையில் போட்டார். காலனித் தெரு, ஒரு கயிற்றுக் கட்டில். அதில் சிவராமன் உட்கார்ந்து தேவசகாயத்தின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு சிரிக்கிறார். காலடியில் இரண்டு பேரும் சாப்பிட்டு வைத்த தட்டுகள்.

தேவசகாயம் வாசலில் நின்றபடியே விவரம் சொன்னார். சிவராமனின் கார் திண்டிவனம் ரோட்டில் நின்றுபோய்விட்டதாம். பக்கத்தில் ஒரு கல்யாணத்தில் இவர் வாசித்ததைக் கேட்டுவிட்டு அவரே தேடி வந்தாராம். நாலு மணி நேரம் இருந்து, அவர் பாட இவர் வாசித்து, கேப்பைக் களி தின்றுவிட்டுப் போனாராம். மிஷன் சாமியார் தம் காமிராவில் எடுத்த படம். "மெட்ராசுக்கு வா, வாத்தியக் கோஷ்டியில் சேர்த்துக்கொள்கிறேன், ஸ்டுடியோ வாசலில் விடாவிட்டால் இந்தப் படத்தைக் காட்டு" என்று சொல்லியிருந்தாராம். சாமியார் அதற்குள் மாற்றலாகி எங்கேயோ போய்விட்டார். காலனி முழுக்கப் பார்த்தது என்றார் தேவசகாயம். அந்தச் சாட்சியை யார் கேட்டார்கள்? ஸ்டுடியோவுக்கு ஆள் அனுப்புகிற வேலை கோதண்டபாணியுடையது. டூப்ளிகேட் படத்தோடு ஆள் அனுப்பினால் அவர் மானம் போகும். நிஜமா போலியா என்று நான் சொல்ல வேண்டும்.

பூதக்கண்ணாடியை எடுத்தேன். முதலில் சட்டைப் பையைப் பார்த்தேன். இடது பக்கம் இருந்தது. ஆக, நெகடிவ் தகட்டைத் திருப்பிப் போட்டு அச்சடிக்கவில்லை. மச்சமும் சரியான கன்னத்தில்தான் இருந்தது. ஆனால் மச்சத்தை எவனும் வைத்துக்கொள்ளலாம், கிராப்பை எவனும் வெட்டிக்கொள்ளலாம். காதை மாற்ற முடியாது. என்னிடம் இருந்த சிவராமனின் விளம்பரப் படத்தைப் பக்கத்தில் வைத்தேன். அதில் காதுமடல் முழுசாக இருந்தது. காலனிப் படத்தில் மடல் கீழே கிழிந்து இரண்டாகப் பிளந்திருந்தது.

"இது அவரில்ல. அப்பாதுரைதான்," என்றேன்.

தேவசகாயம் வாசலிலிருந்தே "நல்லாப் பாருங்க ஐயா" என்று மட்டும் ஒரு தரம் சொன்னார். நான் கண்ணாடியை உறையில் போட்டுவிட்டேன். கோதண்டபாணி அந்த வாரமே அவருக்குப் பதில் பண்ருட்டிக்காரன் ஒருவனை மெட்ராசுக்கு அனுப்பிவிட்டார்.

மூன்று வருஷம் கழித்துச் சிவராமன் விழுப்புரத்துக்கு வந்தார். பிளாட்பாரத்தில் மாலை மரியாதை. படம் எடுக்க நான்தான். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, முகம் தெளிவாக விழும்படி லென்சைத் திருப்பினேன். காமிராவின் பின்கண்ணாடியில் அவர் தலைகீழாகத் தெரிந்தார். பிளந்த காதுமடலும் தெரிந்தது. சின்ன வயசில் கடுக்கன் இழுத்துக் கிழித்த காது.

படம் முடிந்ததும் அவரே பேச்சுவாக்கில் கேட்டார், திண்டிவனத்தில் தேவசகாயம் என்று ஒரு கிளாரினெட்காரர் இருக்கிறாரா என்று. வருவார் என்று ரொம்ப நாள் பார்த்தாராம். பக்கத்தில் நின்ற கோதண்டபாணி என்னைப் பார்த்தார். நான் காமிரா ஸ்டாண்டின் காலை மடக்கினேன்.

கடைக்கு வந்து பழைய தகட்டுப் பெட்டியைத் திறந்தேன். அப்பாதுரை என் கடையிலேயே படம் எடுத்துக்கொண்டவன்தான். அவன் தகடு அங்கேயே இருந்தது. வெளிச்சத்தில் பிடித்தேன். அவன் காதுமடலின் கீழ்நுனி தொங்கவே இல்லை, கன்னத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. காலனிப் படத்துக் காதுக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. அன்றைக்கே எடுத்துப் பார்த்திருந்தால் இரண்டு நிமிஷ வேலை.

விளம்பரப் படத்தில் மடல் முழுசாக இருந்ததே என்று நீங்கள் கேட்கலாம். கேட்காதீர்கள், எனக்கு வெட்கமாக இருக்கிறது. என் தொழிலே அதுதானே! தகட்டின் மேல் பென்சிலைத் தீட்டி அம்மைத் தழும்பை, கிழிந்த காதை, கண்ணுக்குக் கீழே சுருக்கத்தை அடைக்கிறது. தினம் பத்துப் பேருக்கு நானே அடைக்கிறேன். விளம்பரப் படத்தை நம்பி ஆளை அடையாளம் சொல்லக்கூடாது என்று மற்றவனுக்குப் புத்தி சொல்கிறவனும் நானே. அன்றைக்கு மட்டும் ஏன் நம்பினேன்? பூதக்கண்ணாடியை எடுக்கும் முன்பே எனக்கு முடிவாகிவிட்டது. அவ்வளவு பெரிய மனுஷன் காலனிக் கட்டிலில் உட்கார்ந்து களி தின்று, இவர் தோளில் கை போடுவாரா? மாட்டார். எங்கள் வீட்டில் யாரும் போடமாட்டோம். அதற்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது, காது கிடைத்தது. அவ்வளவுதான் என் சாமர்த்தியம்.

மறுநாள் திண்டிவனம் போனேன். தேவசகாயம் யாருடைய மல்லாட்டைக் கொல்லையிலோ, வேர்க்கடலைச் செடிக்கு நடுவே கூலிக்குக் களை வெட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து வீட்டுக்குக் கூட்டிப் போனார். மனைவி சவுரியம்மாள் கட்டிலைப் போட்டார். உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னேன். படம் நிஜம், நான் சொன்னது தப்பு, சிவராமன் உன்னை விசாரித்தார் என்றேன். இப்போதாவது மெட்ராசுக்குப் போ, நானே கூட வருகிறேன் என்றேன்.

தேவசகாயம் எதிரே தரையில் உட்கார்ந்துகொண்டார்.

"வாசிக்கிறத வுட்டுட்டேங்க. நாலு மணி நேரம் அந்தக் குரல்கூடவே வாசிச்சிக்கினு இருந்தேன். நீங்க கண்ணாடி வெச்சிப் பாத்துட்டு இல்லன்னீங்க. படிச்சவங்க, தொழில் தெரிஞ்சவங்க. நெசக் குரலு எது, போலிக் குரலு எதுன்னு தெரியாதவன் எதுக்கு வாசிக்கணும்னு வாத்தியத்த மிஷன்லயே குடுத்துட்டேன். இப்ப வெரலு மடங்கலீங்க."

மண்வெட்டி பிடித்துக் காய்த்துப் போன கையை விரித்துக் காட்டினார். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போல இருந்தது. திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

பிறகு, "ஏங்க ஐயா அன்னிக்கி இல்லன்னு தோணிச்சி?" என்று கேட்டார். குறை சொல்கிற குரலே இல்லை, தெரிந்துகொள்ளக் கேட்டார்.

காதைப் பற்றிச் சொன்னேன். பென்சில் அடைப்பு, பிளந்த மடல், விளம்பரப் படம் என்று விலாவாரியாகச் சொன்னேன்.

அவர் முகம் தெளிந்தது. மனைவி பக்கம் திரும்பி, "பாத்தியா, காதுதானாம்," என்றார். பிறகு என்னிடம், "என் தோளுமேல அவரு கை இருந்ததாலதான் இல்லன்னீங்கன்னு இவ இத்தினி நாளும் சொல்லிக்கினு இருந்தா. ஐயா அப்படிப்பட்டவரு இல்லன்னு நான் சண்ட போடுவேன்."

சவுரியம்மாள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சே, அதெல்லாம் ஒண்ணுமில்ல," என்றேன்.