மத்தியானத்தில் கேட்ட விளக்கு

கெண்டைக்கால் இழுக்கிறது என்று மாப்பிள்ளை காலையிலேயே சொன்னான். மச்சான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தங்கையைக் கட்டியவன் எதைச் சொன்னாலும் பாதி கிண்டலாகத்தான் இருக்கும். இரண்டு பேருக்கும் மூன்றாவது மாடித் தளத்தில் கம்பி கட்டும் வேலை. கையுறையை மீறிக் கம்பி சுட்டது.

பதினொரு மணிக்கு மாப்பிள்ளை தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். குமட்டுகிறது என்றான். சட்டை பிழியும்படி நனைந்திருந்தது. முகம் வெளுத்து, கை சில்லென்று பிசுபிசுத்தது.

மச்சான் அவனைக் கீழே இறக்கி, நிழலான அறையில் படுக்கவைத்தான். சட்டையைக் கழற்றி, காலுக்கடியில் ஒரு சிமெண்டு மூட்டையை வைத்தான். ஈரத்துண்டைக் கழுத்தில் போட்டு அட்டையால் விசிறினான். உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீரை மடக்கு மடக்காகக் கொடுத்தான். அரை மணியில் முகம் தெளிந்தது.

"இன்னைக்கு மேல வராத மாப்ள. வீட்டுக்குப் போ."

"சாயங்காலம் கான்கிரீட் வருது. நீ தனியா கட்டினா இந்த வீட்டுல வீட்டுக்காரரோட பேரப்பிள்ளைங்கதான் குடியேறும்."

மச்சான் சிரித்துவிட்டான். இரண்டு பேரும் மேலே ஏறினார்கள்.

ஒரு மணிக்குக் காற்று அடியோடு நின்றது. மாப்பிள்ளையின் பேச்சும் நின்றிருந்தது. கட்டிய முடிச்சையே அவன் மறுபடி கட்டிக்கொண்டிருந்தான். பிறகு நிமிராமல் சொன்னான்:

"மச்சான், லைட்டைப் போடு. ஒண்ணுமே தெரியல."

வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. பக்கத்தில் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த மேஸ்திரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மச்சானும் சிரிக்க வாயைத் திறந்தான். கிண்டலாக எதைச் சொன்னாலும் மாப்பிள்ளை உடனே ஓரக்கண்ணால் பார்ப்பான். மச்சான் அந்தப் பார்வைக்காகக் காத்திருந்தான். அது வரவில்லை.

மச்சான் அவன் நெற்றியைத் தொட்டான். அடுப்பைத் தொட்டதுபோல் இருந்தது.

"என் தங்கச்சி பேரு என்ன, சொல்லு."

மாப்பிள்ளை நெடுநேரம் அவனைப் பார்த்தான். உதடு அசைந்தது. பேர் வரவில்லை.

மச்சானும் மேஸ்திரியுமாக அவனைத் தூக்கி நிழலுக்குக் கொண்டுபோனார்கள். மேஸ்திரி குடிதண்ணீர் பாட்டிலை அவன் வாய்க்குக் கொண்டுபோனார்.

"வாயில ஊத்தாதீங்க, நினைவு தடுமாறுது. புரையேறிடும். ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க."

"காலையில மாதிரி கொஞ்சம் படுத்தா தெளிஞ்சிடுவான்பா."

"காலையில நம்மளைத் தெரிஞ்சுதுங்க அவனுக்கு."

மேஸ்திரி போனை எடுத்தார். சுவருக்குத் தண்ணீர் அடிக்கும் குழாயை மச்சான் இழுத்துவந்து, அவன் தலையிலிருந்து கால்வரை நனைத்தான். வண்டி வரும்வரை விசிறுவதையும் நனைப்பதையும் நிறுத்தவில்லை. மாப்பிள்ளையின் விரல்கள் வெறுங்காற்றில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தன.

ஆஸ்பத்திரியில் அவன் அக்குளிலும் கழுத்திலும் பனிக்கட்டிப் பைகளை வைத்தார்கள். டாக்டர் காய்ச்சல் மானியைப் பார்த்தார். நடந்ததை மச்சானிடம் கேட்டுக்கொண்டார்.

"நிழல்ல படுக்கவச்சு, தண்ணி கொடுத்து, எல்லாம் சரியாத்தான் பண்ணியிருக்கீங்க. தெளிஞ்சதும் வீட்டுக்கு அனுப்பிட்டீங்க இல்லையா?"

"கான்கிரீட் வருதுன்னு மறுபடி மேல ஏறிட்டோங்க" என்றான் மச்சான். டாக்டர் படுக்கையின் பக்கம் திரும்பி, நழுவிய பனிக்கட்டிப் பையைச் சரியாக வைத்தார்.