கட்டாத ஓலை

‘அண்ணே’ என்று அடித்துவிட்டு, அடுப்பில் உளுந்தங்களி அடிப்பிடிக்கும் வரை தாமரைச்செல்வி செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். வருஷக்கணக்காகப் பேசாத அண்ணனுக்கு அடுத்த வார்த்தை என்ன எழுதுவது? ‘நலமா’ என்றால் கடுதாசி மாதிரி இருந்தது. ‘நல்லா இருக்கியா’ என்றால் நேற்றுப் பேசிவிட்டு வைத்தவள் மாதிரி இருந்தது.

முந்தின நாள்தான் மகள் ஆர்த்திகா வயசுக்கு வந்திருந்தாள். முதல் சேதி தாய்மாமனுக்குத்தான் போக வேண்டும். தண்ணீர் ஊற்றும் சடங்கன்று அவன் வந்து பச்சை ஓலையில் குடிசை கட்டி மருமகளை உள்ளே உட்கார வைக்க வேண்டும். சீரும் அவன்தான் கொண்டுவர வேண்டும். சிக்கலே அங்கேதான் இருந்தது. சேதியைச் சொன்னால், இத்தனை நாள் இல்லாத தங்கச்சி சீருக்காகக் கொஞ்சுகிறாள் என்பான். சொல்லாமல் விட்டு அவன் ஊரார் வாயால் கேட்டால், மாமன் என்று ஒருத்தன் இருப்பதே மறந்துபோச்சா என்பான். எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டியது.

சண்டை அம்மாவின் சாவில் வந்தது. கடைசிக் காலத்தில் அம்மா ஒத்தக்கடையில் இவள் வீட்டில் இருந்தாள். இங்கேயே கண்ணை மூடினாள். பெற்றவளை மகள் வீட்டில் சாக விட்டான் என்று நாகமலை புதுக்கோட்டையில் அண்ணன் அழகுபாண்டியின் காதுபடவே பேசினார்கள். அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டதே தங்கச்சிதான் என்று எண்ணிக்கொண்டான். சொந்தக்காரர்களின் வாட்சப் குழுவிலிருந்தும் விலகிப்போனான். அப்படிச் சொன்னோமா என்று அவளுக்கே இப்போது நிச்சயமில்லை. அழுகையில் ஆயிரம் சொல்லியிருப்பாள்.

அதையெல்லாம் விளக்கி ஒரு முழம் நீளத்துக்கு எழுதினாள். படித்துப் பார்த்தால் பாதி மன்னிப்பு, பாதி குற்றப்பத்திரிகை. அழித்தாள். மகள் விஷயத்தை எழுதினாள், அதையும் அழித்தாள். அவன் பேசட்டும், பேசினால் வாயால் சொல்லிக்கொள்ளலாம் என்று கடைசியில் இவ்வளவுதான் அனுப்பினாள்: ‘அண்ணே, தாமரை. நல்லா இருக்கியா? உன் ஞாபகமாவே இருக்கு. தோணும்போது பேசு.’

ஒரு டிக் விழுந்தது. தடுத்து வைத்திருக்கிறானோ என்று திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் இரண்டானது. மத்தியானம் இரண்டும் நீலமாயின. பெயருக்குக் கீழே அவன் ஏதோ எழுதுவதாகக் காட்டியது, நின்றது, மறுபடி காட்டியது. அதோடு சரி. அவளுக்குக் கோபமா, சந்தோஷமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. படித்துவிட்டான் என்பதே பெரிசாகவும் இருந்தது, அவமானமாகவும் இருந்தது.

சாயங்காலம் நாத்தனார் முனீஸ்வரி, பிள்ளைக்கு மஞ்சள் பூசிய படத்தை, தண்ணீர் ஊற்றும் தேதியோடு ஸ்டேட்டஸில் போட்டுவிட்டாள். அவளுடைய புருஷனும் அழகுபாண்டியும் ஒரே பால் சொசைட்டிக்காரர்கள். சேதி அண்ணன் காதுக்குப் போகாமல் இருக்காது. காலையில் நலம் விசாரித்தவள் இதை மறைத்தாள் என்றுதானே ஆகும்?

“இப்பவாச்சும் போன் போட்டுச் சொல்லிரு” என்றான் சோலை. புருஷன் சொன்னது நியாயம்தான். இருந்தும் பச்சைப் பொத்தானை அழுத்த அவளுக்குக் கை வரவில்லை. எடுக்காமல் விட்டால் அப்புறம் மிச்சம் என்ன இருக்கும்?

தண்ணீர் ஊற்றுகிற அன்று காலையில் வாசலில் ஒரு குட்டியானை லோடு வண்டி வந்து நின்றது. வண்டி நிறையப் பச்சைத் தென்னோலை. ஓட்டி வந்தவர் இறக்கிப் போட்டார். வேறு யாரும் இறங்கவில்லை.

“யாரு குடுத்துவிட்டா?”

“நாகமலைல அழகுபாண்டி அண்ணே, தங்கச்சி வீட்டுல இறக்கிப் போட்டுட்டு வரச் சொன்னாரு.”

“அவுக வாராகளாமா?”

“அது ஒண்ணுஞ் சொல்லலக்கா.”

வண்டி போய்விட்டது. வருவதற்கு முன்னால் அனுப்பினானா? வராததற்குப் பதிலாக அனுப்பினானா? கடமை முடிந்தது, இனி நீ யாரோ என்கிறானா? ஓலையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். தோட்டத்தில் அன்றைக்குத்தான் வெட்டியிருக்க வேண்டும். மட்டை வெட்டில் ஈரம் காயவில்லை.

வெயில் ஏற ஏற எல்லாரும் அவசரப்பட்டார்கள். முறைக்கு ஒருத்தர் கட்டினால் போதும், தாமரைச்செல்வியின் பங்காளி வீட்டு மாமன் ஒருத்தனைக் கூப்பிடலாம் என்றாள் முனீஸ்வரி. ஒரு பையன் கயிற்றோடு வந்தான்.

“அதைத் தொடாதீக” என்றாள் தாமரைச்செல்வி. தன் குரல் இப்படிக் கிளம்பும் என்று அவளே நினைக்கவில்லை.

போனை எடுத்தாள். இந்தத் தடவை யோசிக்கவில்லை, அழிக்கவில்லை. ‘ஓலை வந்துருச்சு. கட்டத்தான் ஆள் இல்ல’ என்று அனுப்பினாள். ஒரு டிக் விழுந்தது. வண்டி ஓட்டுகிறானோ, போனை அணைத்துவிட்டானோ.

குடத்தைத் தூக்கிக்கொண்டு போய், வாடத் தொடங்கிய ஓலைகளின் மேல் தண்ணீரைத் தெளித்தாள்.