ஏலத்தோட்டத்து ஈரம்

பிரதீப் அன்றைக்கு மலையேறவே இல்லை என்ற சந்தேகம் நுஸ்ரத்துக்கு ஒரே ஒரு வரியால் வந்தது.

இருவரும் புவியியல் மூன்றாம் ஆண்டு. மழைநீர் மண்ணுக்குள் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று போடி மலைச்சரிவில் நான்கு இடங்களில் அளந்து, மூவாயிரம் சொல்லுக்குள் களஆய்வு அறிக்கை எழுத வேண்டும். எழுதினார்கள். சுஜாதா மிஸ் படித்துவிட்டு முதல் பக்கத்திலேயே சிவப்பு மையில் கணக்குப் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆய்விட விவரம் 1400 சொல். தரவு சேகரிப்பு 180. மதிப்பீடு 60. அதற்குக் கீழே, "இது அறிக்கையா, சுற்றுலாக் கட்டுரையா? இடம் எப்படி இருந்தது என்பது ஓரிடம். என்ன செய்தீர்கள் என்பது ஓரிடம். செய்தது எவ்வளவு நம்பத் தகுந்தது என்பது ஓரிடம். ஒன்றை ஒன்றில் கலக்காதே. 400, 700, 500. புதன்கிழமை."

ஆய்விட விவரத்தை எழுதியவன் பிரதீப். பனியைப் பற்றியே முக்கால் பக்கம் எழுதியிருந்தான். பங்குனியில் ஏது பனி! தரவு சேகரிப்பை எழுதியவள் நுஸ்ரத். அது 180 சொல்லில் நின்றுபோனதற்கு யார் காரணம் என்பதைப் பற்றி அவள் அதிகம் யோசிக்கவில்லை. அடுத்தவன் கொழுப்பு கண்ணில் படுகிற வேகத்தில் நம்முடைய எலும்பு நமக்குத் தெரிவதில்லை.

இந்த அறிக்கையில் அவளுக்கு ஒரு பெரிய காரியம் சிக்கிக் கிடந்தது. சென்னையில் மேல்படிப்புக்கு விண்ணப்பிக்க மிஸ் ஒரு பரிந்துரைக் கடிதம் தர வேண்டும். "மூணாவது இடத்துல நீ கண்டுபிடிச்சது புதுசா இருக்கு. அதை வச்சே கடிதம் எழுதிர்றேன்" என்று மிஸ் சொல்லியிருந்தார். மூன்றாவது இடம் போடிமெட்டுக்குப் பக்கத்து ஏலத்தோட்டம். மரநிழலும் சருகும் உள்ள தோட்டத்து மண் தண்ணீரை வெகு வேகமாகக் குடிக்கும் என்றுதான் பாடம் சொல்கிறது. இவர்கள் கணக்கிலோ, அடிவாரத் தரிசில் அரை லிட்டர் தண்ணீர் இறங்கச் சராசரி இருபத்துநாலு நிமிடம், தோட்டத்தில் இருபத்திரண்டு. ஏறக்குறைய ஒன்றே. பாடத்தையே மடக்கிவிட்ட பெருமை நுஸ்ரத்துக்கு இருந்தது.

திங்கட்கிழமை துறைக் கணினியில் உட்கார்ந்து வெட்ட ஆரம்பித்தாள். பனி போயிற்று. மூணாறு சாலையின் அழகு போயிற்று. சரிவின் கோணம், உயரம், மண்ணின் நிறம், மேலே நின்ற மரம் இவை மட்டும் தங்கின. மூன்றாவது இடத்துக்கு வந்தபோதுதான் அந்த வரி: "மரநிழலால் இங்கு மண் எப்போதும் ஈரமாகவும் சேறாகவும் இருக்கும், அதனால் நீர் மெதுவாகவே இறங்கும்."

பிற்பாதி மதிப்பீட்டில் வர வேண்டியது. இங்கே அதற்கு வேலையில்லை. ஆனால் அவளை உறுத்தியது முற்பாதி. எங்கே ஈரம்? காலடியில் சருகு அப்பளமாக நொறுங்கியது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது.

அன்றைக்கு மற்ற மூன்று இடங்களிலும் தண்ணீர் ஊற்றி அளக்கும் குழாயைப் பிரதீப் மண்ணில் நட்டான், அவள் நேரத்தைக் குறித்துக்கொண்டாள். தோட்டத்தில் மட்டும் நேரமாகிவிட்டதென்று பிரிந்தார்கள். சரிவின் கோணத்தை அளக்கிறேனென்று அவன் மேலே போனான். போனவன் ஒரு மணி நேரத்துக்கு மேல் வரவில்லை. குழாயும் தண்ணீர்க் கேனும் அவள் பொறுப்பு. ஒரு கோணம் அளக்க ஒரு மணி நேரமா? சிக்னல் கிடைக்கிற பாறையில் உட்கார்ந்து போன் நோண்டியிருப்பான். பிறகு ஏதாவது இணையப் பக்கத்தைப் பார்த்து 'எப்போதும் ஈரம்' என்று அடித்துவிட்டிருப்பான். அப்படியானால் அவன் எழுதிய பதினெட்டு பாகைச் சரிவும் கட்டுக்கதைதான். அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் 'இத்தரவு முழுவதும் எங்களால் நேரில் சேகரிக்கப்பட்டது' என்ற உறுதிமொழிக்குக் கீழே அவளும் கையெழுத்துப் போட வேண்டும்.

களக்குறிப்பேட்டைத் திறந்து ஓரத்தில் எழுதினாள்: 'பிரதீப் ஏறவே இல்லையோ?' எழுதியதும் சந்தேகத்துக்குக் கை கால் முளைத்துவிட்டது. போன் போட்டாள்.

"அந்த மூணாவது இடத்துல ஈரம்னு எழுதியிருக்கியே, நீ பாத்தியா?"



"பாத்தேன். அந்த வரியத் தொடாத நுஸ்ரத். மத்தத எவ்வளவு வேணா வெட்டிக்க."

"ஏன் தொடக்கூடாது?"

"சொன்னா கேளு. எனக்குச் சோலி கெடக்கு, அப்புறம் பேசுறேன்."

வைத்துவிட்டான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சரியான பழமொழிதான். யாருடைய நெஞ்சு என்பதில் மட்டும் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டாள்.

மறுநாள் விடியற்காலையில் தோட்ட வேலைக்கு ஆளேற்றிப் போகும் ஜீப்பு ஒன்றில் தொற்றிக்கொண்டாள். பதினாலு பேர், பதினாலு தூக்குச் சட்டி, நடுவில் இவள். வளைவுக்கு வளைவு யாராவது ஒருவர் முழங்கை இவள் விலாவில் இடித்தது. உள்ளே ஆத்திரம் இருந்ததால் வலி தெரியவில்லை.

தோட்டத்தில் களையெடுக்கும் பெண்களை மேற்பார்க்கும் அமுதவள்ளி அவளைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார்.

"வா ஆத்தா. திரும்பவும் குழாய் நடப் போறியா?"

"இல்லக்கா. ஒண்ணு கேக்கணும். இந்த எடம் எப்பவும் ஈரமாவா இருக்கும்?"

அமுதவள்ளி சிரித்தார். "பங்குனி மாசம் ஈரத்துக்கு எங்க போறது? இந்தத் துண்டுக்குத் தண்ணி விட இன்னும் ஓஸ்கூட இழுக்கல. வேணும்னா தொட்டுப் பாரு."

நுஸ்ரத் சருகை விலக்கி ஒரு பிடி மண்ணை அள்ளினாள். விரலிடுக்கில் பொலபொலவென்று உதிர்ந்தது. மாட்டினான் பயல்!

"அப்ப அன்னைக்கி என்கூட வந்த பையன், மேல ஏறிப் போனானே, நெசமாவே ஏதாவது அளந்தானாக்கா?"

"அந்தத் தம்பியா? ஏன் கேக்குற. கைல என்னமோ கருவிய வச்சுக்கிட்டு, எங்க வேலையாளு சோலையக் கம்பு புடிக்கச் சொல்லி, அஞ்சு எடத்துல குனிஞ்சு குனிஞ்சு பாத்துச்சு. எறங்கி வந்து நீ தண்ணி ஊத்துன எடத்துலதான் ரொம்ப நேரம் நின்னுச்சு."

"நான் ஊத்துன எடத்துலயா?"

"ஆமா. மூணு தடவையும் ஒரே குழியில ஊத்துனேல்ல? சேறாக் கெடந்துச்சு. தம்பி சுத்திமுத்தி வேற குழி தேடுச்சு. நீ ஜீப்புக்கு நேரமாச்சுன்னு வெரசாக் கெளம்பிட்டே."

ஒரே குழிதான். முதல் தரம் குழாயில் தண்ணீர் இறங்கிய பிறகு, ஒரு மீட்டர் தள்ளி நட்டுப் பார்த்தாள், வேர் தட்டியது. இன்னொரு பக்கம் பார்த்தாள், அங்கேயும் வேர். ஒரே தோட்டம்தானே, எந்தக் குழியானால் என்ன என்று பழைய குழியிலேயே மறுபடி ஊற்றினாள். அதற்குப் பிறகு அதை ஒரு விஷயமாக நினைக்கவும் இல்லை.

அங்கேயே வரப்புக் கல்லில் உட்கார்ந்து குறிப்பேட்டைப் பிரித்தாள். தரிசில்: 25, 23, 24. ஒவ்வொரு தரமும் புது இடம். தோட்டத்தில்: 8, 23, 35. படிக்கட்டு மாதிரி ஏறிக்கொண்டே போகிறது. காய்ந்த மண் எட்டு நிமிடத்தில் குடித்தது. நனைந்த மண் திணறியது. சேறான மண் மறுத்தது. மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்து, அந்த இருபத்திரண்டை மட்டும் அட்டவணையில் வைத்து அவள் பாடத்தை மடக்கியிருக்கிறாள். அறிக்கையில் 'ஒவ்வொரு இடத்திலும் மும்முறை அளக்கப்பட்டது' என்று ஒரே வரியில் தாண்டிப்போனது ஏன் என்று இப்போதுதான் அவளுக்கே புரிந்தது. எழுநூறு சொல்லில் எழுதியிருந்தால் குழாயை எங்கே எங்கே நட்டோம் என்று சொல்ல வேண்டி வந்திருக்கும்.

பிரதீப் முழுப் பூசணிக்காயை ஆய்விட விவரத்துக்குள் வைத்து மறைத்திருக்கிறான். அவள் ஊற்றிய தண்ணீரை மலையின் ஈரமாக்கிவிட்டான்.

திரும்ப அளக்கலாமா என்று நினைப்பதற்குள் மதியமே வானம் இருட்டிக் கோடைமழை கொட்டித் தீர்த்தது. இனி இந்த மண்ணை அளந்தாலும் மற்ற மூன்று இடங்களின் காய்ந்த மண்ணோடு ஒப்பிட முடியாது. நனைந்துகொண்டே கீழே இறங்கி, கணினியைத் திறந்து, முதல் வேலையாக அந்த வரியை நீக்கினாள். தரவு சேகரிப்பில் நடந்ததை நடந்தபடி எழுதினாள். அட்டவணையில் மூன்று அளவையும் தனித்தனியே வைத்தாள். மதிப்பீட்டுக்கு வந்தபோது கை நிற்கவில்லை. தொள்ளாயிரம் சொல்லுக்குப் போய்விட்டது. பாதிக்கு மேல் அழுகை.

பிரதீப் வந்து திரையைப் பார்த்தான்.

"எடுத்துட்டியா?"

"ஏன்டா மறைச்சே?"

"மிஸ் கடிதம் தர்றேன்னாங்கல்ல. சொன்னா நீ ஒடஞ்சு போயிருவேன்னு நெனச்சேன். பொய்தான். எழுதுன அன்னைலேர்ந்து எனக்கும் தூக்கம் வரல."

அவளுக்குக் கோபமும் வந்தது, வெட்கமும் வந்தது. எதை முதலில் காட்டுவது என்று தெரியாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை சுஜாதா மிஸ் அறிக்கையை நிதானமாகப் படித்தார். மதிப்பீட்டில் வந்து நின்றார்.

"இந்தத் தப்பு யாரோடது?"

"என்னோடது மிஸ்."

"அதுக்குத் தொள்ளாயிரம் சொல்லா? மதிப்பீடுங்கிறது மன்னிப்புக் கடிதம் இல்ல. என்ன நடந்துச்சு, அதனால எந்த அளவு கெட்டுச்சு, எது இன்னும் நிக்கிது, அடுத்த தடவை எப்படிச் செய்யணும். ஐந்நூறு. மிச்சம் இருக்கிற கண்ணீரை வீட்டுல வச்சுக்க."

"அப்ப அந்தக் கண்டுபிடிப்பு..."

"போச்சு. நிக்கிறது அந்த எட்டு நிமிஷம் மட்டுந்தான். ஒத்த அளவ வச்சு முடிவு சொல்ல முடியாது." மிஸ் கண்ணாடியைக் கழற்றினார். "கடிதம் தர்றேன். ஆனா கண்டுபிடிப்புன்னு ஒரு வார்த்தை அதுல வராது. அவங்க எடுப்பாங்களா மாட்டாங்களான்னு எனக்குத் தெரியாது."

நுஸ்ரத் தலையாட்டினாள்.

"களக்குறிப்பேட்டையும் கொண்டா. மூல அளவ ஒரு தடவ பாத்துக்கிர்றேன்."

அந்த நேரம் பார்த்துத்தான் அவளுக்கு ஓரக்குறிப்பு நினைவு வந்தது. ஆனால் குறிப்பேடு பிரதீப் கையில் இருந்தது. பக்கத்தைத் தேடிப் பிரித்துக்கொண்டிருந்தான். அவன் கண் ஓரத்தில் போய் நிற்பதை அவள் பார்த்தாள். 'பிரதீப் ஏறவே இல்லையோ?' அவன் ஒரு முறை படித்தான், மறுபடியும் படித்தான். முகத்தில் ஏதோ ஒன்று அணைந்தது.

"இது எந்தப் பகுதியில வரும் நுஸ்ரத்?" என்று மெதுவாகக் கேட்டான். "இடமா, தரவா, மதிப்பீடா?"

களக்குறிப்பில் எதையும் அழிக்கக் கூடாது. படிக்கும்படி ஒற்றைக் கோட்டால் அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது முதல் ஆண்டிலேயே சொல்லித்தந்த விதி. மிஸ் பார்த்துக்கொண்டிருக்க, அவள் பேனாவை எடுத்து அப்படியே ஒரு கோடு போட்டாள். கோட்டுக்குக் கீழே எழுத்து முழுசாகத் தெரிந்தது. பக்கத்தில் தன் பெயரை எழுதினாள்.