மூன்றாவது பொரிப்பு

அந்தத் துண்டில் பல் பதிந்திருந்தது.

வாணலியில் மேல்மாவு உடைந்து கழன்றதால்தான் அது தெரிந்தது. அரிகரண்டியில் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தேன். மாவுக்குள் வெள்ளைக் காலிஃப்ளவர் பூ இருக்க வேண்டும். அங்கே இன்னொரு மாவுத்தோல் இருந்தது, சிவப்பாக, ஈரத்தில் ஊறிய அட்டை மாதிரி. அதில் கருகிய பூண்டுத் துணுக்குகள் ஒட்டியிருந்தன. அதற்கும் உள்ளே தண்டு. தண்டில் பிறை வடிவத்தில் ஒரு கடி.

பூண்டு எப்படி உள்ளே போகும்? நறுக்கிய பூண்டைக் கடைசியில், சாஸில்தான் போடுகிறோம்.

கடை என்றால் ஆறு மேஜை, ஒரு அடுப்படி. கோபி மஞ்சூரியனுக்காகவே வருகிறவர்கள்தான் அதிகம். அக்காவைக் கட்டிய அத்தானுடைய கடை அது. பூவை உதிர்ப்பதும், உப்பும் மஞ்சளும் போட்ட வெந்நீரில் இரண்டு நிமிஷம் முக்கி எடுப்பதும் என் வேலை. பச்சைப் புழுக்கள் மிதந்து மேலே வரும். ஆரம்பத்தில் அதைப் பார்த்தாலே குமட்டும். பிறகு பழகிவிட்டது. புழு பாவம், அது பூவைத் தவிர எதையும் தின்னாதது. துணியில் பரப்பி ஈரம் போக உலர்த்திக் கொடுத்தால், மாவு கரைப்பதும் முதல் பொரிப்பும் அத்தான் பொறுப்பு. மைதா, சோளமாவு, கொஞ்சம் அரிசிமாவு, இஞ்சி பூண்டு விழுது, மிளகாய்த்தூள். அளவு மட்டும் ரகசியம் என்பார். நான் காய் வாங்கப் போயிருக்கும்போதுதான் கரைப்பார். மிதமான சூட்டில் வெளுப்பாகப் பொரித்துத் தட்டில் ஆற வைத்துவிடுவார். ஆர்டர் வந்ததும் எண்ணெயை நன்றாகக் காயவிட்டு, ஒரு நிமிஷம் இரண்டாவது முறை பொரித்து, சாஸில் பிரட்டித் தருவது நான்.

ஐந்து பூ உதிர்த்தால் ஏழு பூவுக்கான துண்டுகள் தட்டில் இருக்கும். அத்தானுக்குக் கைராசி என்று நினைத்திருந்தேன்.

"என்னம்மா, எண்ணெய்ல ஜோசியமா பாக்குற?" என்று வாசல் மேஜையிலிருந்து குரல் வந்தது. தினம் மூன்று மணிக்கு வரும் பஸ் டிரைவர். "ரெட்டைத் தோல் இருக்குமே, கடிச்சா கண்ணாடி உடையற மாதிரி, அதா பாத்துப் பொறுக்கிப் போடு. எல்லாத்துலயும் அது கெடைக்கறதில்ல."

என் நாக்கின் அடியில் உமிழ்நீர் ஊறியது. பசியில் ஊறுவது இல்லை, வாந்திக்கு முன்னால் ஊறுவது.

அத்தான் அப்போது காலியான மேஜையில் மிச்சத் தட்டுகளை எடுத்துக்கொண்டிருந்தார். முதலாளியே எச்சில் தட்டு எடுக்கிறாரே என்று ஊரே மெச்சும். நானும் அக்காவிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். பாத்திரம் தேய்க்கும் தொட்டிக்குக் கீழே மூடி போட்ட மஞ்சள் வாளி ஒன்று உண்டு. மிச்சம் அதில்தான் போகும். பன்றிப் பண்ணைக்காரன் வந்து எடுத்துப்போவான் என்பார். இந்த எட்டு மாதத்தில் எந்தப் பண்ணைக்காரனையும் நான் பார்த்ததில்லை.

குனிந்து மூடியைத் திறந்தேன். வினிகர் புளித்த வாடை முகத்தில் அறைந்தது. மேலே வடிகட்டி. அதில் சாஸ் கழுவிய காலிஃப்ளவர் துண்டுகள், குளித்துவிட்டு வரிசையில் நிற்கும் பிள்ளைகள் மாதிரி, தண்ணீர் வடிய உட்கார்ந்திருந்தன. ஒன்றில் யாருடைய உதட்டுச் சாயமோ.

"மூடு அத," என்றார் பின்னால் வந்து நின்ற அத்தான்.

"அத்தான், இது…"

"கத்தாத. எண்ணெய்ல விழுந்தா எல்லாம் சுத்தந்தான். நெருப்புக்கு ஏது எச்சில்?"

"அடுத்தவங்க வாயில இருந்தது அத்தான்."

"வாயில இருந்தத எடுக்கல, தட்டுல இருந்ததத்தான் எடுத்தேன். பாதி கடிச்சத தூக்கிப் போட்டுடுவேன். என்னிக்காவது ஒண்ணு ரெண்டு கண்ணு தப்பிடும்." எவ்வளவு நியாயமான குரல்! "உங்கக்காவுக்கு ஏழு மாசம். இதக் கேட்டா தாங்குவாளா? அவ நிம்மதி உன் வாயிலதான் இருக்கு, மச்சினி. பாத்துக்க."

வாய். அவர் சொன்ன அந்தச் சொல்லே கடிபட்டதாக இருந்தது. அடுப்புக்குத் திரும்பினேன். நான்தானே இத்தனை நாளும் பொரித்துக் கொடுத்தேன்? கையை இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவினேன். சிவப்பு போகவில்லை. டிரைவருக்கு உடைத்துப் பார்த்துப் பார்த்து, வெள்ளையாக இருந்ததை மட்டும் பொரித்துக் கொடுத்தேன். "இன்னிக்கி தோலு பத்தலையே," என்று முகம் சுளித்தார்.

டிரைவர் சாப்பிட்டு முடிப்பதற்குள் அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்தாள். மசக்கை தீர்ந்தும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. இந்தக் கோபி மஞ்சூரியன் ஒன்றுதான் இறங்குகிறது.

"சீக்கிரம் போடுடி. உள்ள இருக்கற ஆளு உதைக்குது."

அலமாரியில் அவளுக்கென்று ஒரு எவர்சில்வர் டப்பா இருக்கும். அத்தான் தனியாகப் பொரித்து வைப்பது. பொண்டாட்டி மேல் என்ன பாசம் என்று அதையும் மெச்சியிருக்கிறேன். டப்பாவைத் திறந்து ஒரு துண்டை உடைத்தேன். வெள்ளை வெளேர்.

சொன்னால் அக்காவின் நிம்மதி போகும். சொல்லாவிட்டால் நாளைக் காலையில் அந்த வடிகட்டியில் இருப்பவை மாவுக்குள் குதிக்கும், பொரிக்கப்போவது நான். டப்பாவை மூடினேன். பெரிய தட்டிலிருந்து கனமான தோல் உள்ளவையாகப் பத்துத் துண்டு பொறுக்கினேன். எண்ணெய் புகையும் அளவுக்குக் காய்ந்திருந்தது. போட்டதும் சடசடவென்று நுரைத்தது. அடுத்த அடுப்பில் பூண்டு, இஞ்சி, பச்சைமிளகாய், குடைமிளகாய் எல்லாம் பெருந்தீயில் ஒரு புரட்டு. சோயா, மிளகாய் சாஸ், தக்காளி சாஸ், சொட்டு வினிகர். கரைத்த சோளமாவு விட்டதும் பளபளத்துக் கெட்டியானது. அடுப்பை அணைத்துத் துண்டுகளைக் கொட்டி, இரண்டே குலுக்கு. வெங்காயத்தாள் தூவி எடுத்துப்போனேன். அவள் வாயருகே கொண்டுபோனால் தட்டிவிடுவதற்காகக் கையைத் தயாராக வைத்திருந்தேன்.

கல்லாவிலிருந்த அத்தான் முதலில் தட்டைப் பார்த்தார். பிறகு அலமாரியை. டப்பா மூடியபடியே இருந்தது.

"ஏய்! அத அவளுக்குக் குடுக்காத!"

கடை முழுக்கக் கேட்டது. ஆறு மேஜையிலும் கரண்டிகள் நின்றன.

அக்கா சிரித்தாள். "ஏங்க, இதுல விஷமா இருக்கு?"

"இல்ல… அது ஆறிப்போனது…"

"ஆவி பறக்குது. இப்பத்தானே போட்டா." கரண்டியால் ஒரு துண்டைப் பிளந்தாள். ஒரு தோல். அதற்குள் இன்னொரு தோல். நடுவே பூண்டு. அவள் இந்தக் கடையில் இரண்டு வருஷம் அடுப்படியில் நின்றவள். சிரிப்பு முகத்திலிருந்து மெதுவாக வழிந்து இறங்கியது. "இது எத்தனாவது தடவடி?"

"அத்தான் பொரிச்சது மூணாவது, நான் பொரிச்சது நாலாவது," என்றேன். "ரெண்டாவதுக்கும் மூணாவதுக்கும் நடுவுல யாரோ சாப்பிட்டிருக்காங்க."

டிரைவர் எட்டிப் பார்த்தார். "அட, அதான்மா அந்த ரெட்டைத் தோல்! வேண்டாம்னா இப்பிடித் தள்ளு…" நீட்டிய கை பாதியில் நின்றது. நான் சொன்னது அப்போதுதான் அவருக்குள் இறங்கியிருக்க வேண்டும். கைக்குட்டையை எடுத்து நாக்கைத் துடைக்க ஆரம்பித்தார், நுனியிலிருந்து அடிவரை, ஒரு முழு வருஷத்தையும் துடைப்பவர் போல.

அக்கா எழுந்து தட்டைக் கல்லா மேல் வைத்தாள்.

"நெருப்புக்கு எச்சில் இல்லன்னு எங்கிட்ட ஒருநா வெளையாட்டா சொன்னீங்க. சாப்பிடுங்க. நீங்க ஒரு துண்டு சாப்பிட்டா நானும் சாப்பிடுறேன்."

அத்தான் ஒரு துண்டைக் கையில் எடுத்தார். சாஸ் மணிக்கட்டுக்கு வழிந்தது. மேஜைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடைசியில் அக்காவின் வயிற்றைப் பார்த்தார்.

சாஸில் பிரட்டியது பத்து நிமிஷம்தான் மொறுமொறுப்பாக இருக்கும். அது அவர் விரல்களுக்கிடையே நமத்து, தோல் தோலாகக் கழன்று விழும்வரை அவர் வாயைத் திறக்கவில்லை.