காணாமற்போன முதற்பாடவேளை

அந்த வாரம் முழுவதும் கஜேந்தினிக்குக் கண் விழித்திருக்கவே கனவு காண்பது போலத்தான் இருந்தது. பூநகரியிலிருந்து வரும் பஸ்ஸில் ஒரு பக்கம் கடல்நீர் தேங்கிய களப்பு, மறுபக்கம் வயல். காற்று முகத்தில் அடிக்க அடிக்கக் கண் சொக்கும். அந்தச் சொக்கத்திலும் மடியில் கிடந்த தாளை அவள் விடவில்லை. அரை மணித்தியாலத்துக்கு ஒரு கட்டம். பாடசாலையில் என்ன வேலை செய்தாள், யார் சொல்லிச் செய்தாள் என்று ஒவ்வொன்றிலும் எழுத வேண்டும்.

இந்த வினையைத் தொடக்கி வைத்தவர் பாடசாலை அதிபர் சுதாகரன்தான்.

"மூண்டாம் வகுப்புக்கு முதல் பாடவேளை வாசிப்பு எண்டு போட்டிருக்கிறியள் ரீச்சர். நான் போய்ப் பாக்கிற நேரமெல்லாம் நீங்கள் வகுப்பிலை இல்லை. அடுத்த பள்ளித் தவணையிலை அந்த நேரத்தை உடற்பயிற்சிக்குக் குடுக்கப்போறன்."

அவளுக்குச் சுருக்கென்றது. அவளுடைய வகுப்பில் பாதிப்பேருக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க வராது. லக்சிகா என்ற பிள்ளை இன்னும் படத்தைப் பார்த்துத்தான் கதை சொல்கிறது. அந்த நேரமும் பறிபோனால் அதுகள் அப்படியே நாலாம் வகுப்புக்கு ஏறிவிடும்.

"நான் எங்கை போனனான் எண்டு ஒரு கிழமைக்கு எழுதிக் காட்டுறன் சேர்" என்று சொல்லிவிட்டாள்.

எழுதத் தொடங்கினால், அட, நேரம் கரைகிற கரைச்சலை என்னவென்று சொல்வது! வரவுப் பதிவேடு எழுதினாள். அதே எண்ணைப் பிள்ளைகளின் சாப்பாட்டுப் பதிவேட்டிலும் எழுதிக் கையெழுத்து வைத்தாள். பிறகு வகுப்பு வகுப்பாகப் போய் எல்லா எண்ணையும் கேட்டுக் கூட்டி, எட்டரைக்கு முன்னர் வலயக் கல்விப் பணிமனையின் வட்ஸ்அப் குழுவில் போட்டாள். சிக்னல் கிடைப்பதோ மைதானத்து மூலையில் நிற்கும் பாலை மரத்தடியில்தான். அங்கே தொலைபேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்கையில் தன் வகுப்பின் இரைச்சல் தண்ணீருக்குள்ளிருந்து கேட்பது போலக் கேட்கும். மரத்திலிருந்து சருகு விழும். மெசேஜ் போகாது.

பதிவேடுகள் எழுதவென்று எழுதுவினைஞர் இல்லாத பாடசாலை. யாராவது செய்யத்தான் வேண்டும். கலியாணம் கட்டாத ரீச்சருக்கு நேரம் கிடக்கும் என்பது அங்கே எழுதாத சட்டம். அவளும் "ஓம் சேர்" என்பதைத் தவிர வேறு பேச்சுப் பேசிப் பழகியவளல்ல.

புதன்கிழமை மெசேஜ் போன பிறகும் அவள் மரத்தடியை விட்டு வரவில்லை. நிழலும் காற்றும் பிடித்து வைத்துவிட்டன. அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவதென்று வெகுநேரம் யோசித்தாள். கடைசியில் "சும்மா நின்றேன்" என்று எழுதினாள்.

வெள்ளிக்கிழமை கூட்டிப் பார்த்தால் ஐந்து நாளில் நாலு நாள் முதற்பாடவேளை போயிருந்தது. சனி ஞாயிறில் ஒரு பக்கத்தில் முன்மொழிவு எழுதினாள். வட்ஸ்அப் அறிக்கை தேவைதானா என்று வலயத்தில் கேட்கலாம். சாப்பாட்டுக் கணக்கை வரவுப் பதிவேடுகளிலிருந்தே எடுக்கலாம், அதில் வேறு யாராவது கையெழுத்து வைக்கலாம். ஒரு தவணைக்குப் பரீட்சித்துப் பார்ப்போம், முடிவில் பிள்ளைகளின் வாசிப்பைச் சோதிப்போம்.

திங்கட்கிழமை அதிபர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். "யார் சொன்னது" என்ற நிரலில் மேலிருந்து கீழே அவருடைய பதவிதான் நின்றது. முகம் கறுத்தது.

"என்ன ரீச்சர், என்னைக் கூண்டிலை ஏத்திற மாதிரிக் கிடக்கு."

"இல்லை சேர். நேரம் போன இடத்தைத்தான் எழுதினனான்."

அவருடைய விரல் புதன்கிழமையில் நின்றது. "சும்மா நிண்டதையுமோ எழுதினனீங்கள்?"

"நிண்டனான்தானே சேர்."

அவர் சிரிக்கவில்லை. தாளை முதலிலிருந்து இன்னொருதரம் வாசித்தார். பிறகு வலயத்தில் கேட்கத் தொலைபேசியை எடுத்துக்கொண்டு பாலை மரத்தடிக்கு நடந்தார். திரும்பி வருகையில் நடை தளர்ந்திருந்தது.

"அந்த மெசேஜ் பெற்றோல் தட்டுப்பாட்டு நேரம் கேட்டதாம். பஸ் ஓடாத காலத்திலை எத்தினை பிள்ளையள் வருகினம் எண்டு பாக்க. பிறகு வேண்டாம் எண்டு கடிதம் போட்டவையாம். நான் கவனிக்கேல்லை. அந்தக் குழுவைப் பாத்த ஆளும் இடம் மாறிப் போட்டாராம்."

"அப்ப இவ்வளவு காலமும் நான் அனுப்பினதை ஆர் பாத்தது?"

"ஒருத்தரும் இல்லைப் பிள்ளை."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கப் போன வாய் கோணிக் கண் நிறைந்துவிட்டது. வருடக்கணக்கான காலைகளை அள்ளி அந்த மரத்தடியில் கொட்டியிருக்கிறாள். அதிபர் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"மெசேஜ் இண்டையோடை சரி. சாப்பாட்டுக் கையெழுத்து நான் வைக்கிறன். முதல் பாடவேளை வாசிப்பாவே இருக்கட்டும், ஒரு தவணை பாப்பம்" என்றவர், முன்மொழிவின் அடியில் அதையே எழுதிக் கையொப்பமிட்டார்.

மறுநாள் வரவுப் பதிவேட்டை மூடியதும் அவள் வாசிப்புப் புத்தகத்தோடு பாயில் போய்ப் பிள்ளைகளுக்கு நடுவில் இருந்தாள். ஒரு பிள்ளையும் கிட்ட வரவில்லை. தாங்கள்பாட்டுக்குப் படம் கீறிக்கொண்டிருந்தன. காலை வெயில் பாயில் மெதுவாக ஊர்ந்தது. லக்சிகா மட்டும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

"ரீச்சர், எப்ப போவியள்?"

"நான் போகேல்லைப் பிள்ளை."

"பொய்."

"உண்மையா. மணி அடிக்கும்வரை இங்கைதான்."

பிள்ளை இருந்தபடியே அரக்கி அரக்கிப் பக்கத்தில் வந்து, புத்தகத்தில் ஓர் எழுத்தின் மேல் விரலை வைத்தது.

"அப்ப இது என்ன எழுத்தெண்டு இப்ப கேக்கலாமோ?"