சந்தாபுரத்தில் மாறும் பஸ்

ஆனேக்கல்லிலிருந்து பெங்களூர் ஜில்லா ஆஸ்பத்திரிக்கு நேர் பஸ் கிடையாது. சந்தாபுரத்தில் இறங்கி, ஓசூரிலிருந்து வரும் வண்டியில் இடம் இருந்தால் ஏற வேண்டும். யுத்தகாலம், பெட்ரோல் தட்டுப்பாடு. ஓடிய சில பஸ்களும் பின்னால் அடுப்பைக் கட்டிக்கொண்ட கரிவண்டிகள்.

தாலுகா கச்சேரியில் சிரஸ்தேதாராக இருந்து ஓய்வுபெற்ற அனந்தபத்மநாபன் மகள் கோமளத்தைப் பட்டுப்புடவை கட்டி, பூ வைத்துக்கொள்ளச் சொல்லித்தான் கூட்டிவந்தார். முந்தின நாள் இருமலில் ரத்தம் வந்திருந்தது. க்ஷயம், உடனே கொண்டுபோங்கள் என்று ஊர் டாக்டர் சொல்லிவிட்டார். கோமளத்தின் புருஷன் பூனாவில் பட்டாள உத்தியோகத்தில் இருந்தான். அவள் தங்கைக்கோ நிச்சயமாகிவிட்டது. க்ஷயக்காரர் வீடு என்று பேர் கிளம்பினால் அந்தக் கல்யாணம் நின்றுவிடும்.

ஆனேக்கல் பஸ்ஸில் டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டர் ஜெயராஜ் கோமளத்தின் முகத்தைப் பார்த்தான்.

"அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா சாமி? ஆஸ்பத்திரின்னா சொல்லுங்க, ஓசூர் வண்டிக்காரன்கிட்ட கேட்டு சீட் வாங்கித் தரேன்."

முன்சீட்டில் இருந்த சுந்தரேசன் திரும்பினார். கோமளத்தின் தங்கைக்கு நிச்சயமான இடத்துச் சம்பந்தியின் அண்ணா.

"ஆஸ்பத்திரியாவது! மடிவாளத்துல வேண்டியவா ஆத்துல சீமந்தம். பட்டுப்புடவையைப் பார்த்தா தெரியலையா?" என்றார் அனந்தபத்மநாபன்.

சந்தாபுரத்தில் எல்லோரும் இறங்கினார்கள். ஓசூருக்குப் போகவேண்டிய சுந்தரேசன் ரோட்டின் எதிர்ப்பக்கம் நின்றுகொண்டார். ஓசூரிலிருந்து பெங்களூர் போகும் வண்டி வந்தது. இரண்டே இடம். தீக்காயம் பட்ட பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருவனும் அவன் மனைவியும் ஓடிவந்தார்கள்.

"ஆஸ்பத்திரிக்குப் போறவங்க ஏறட்டும்," என்று ஜெயராஜ் வழிவிட்டான். "நீங்க அடுத்த வண்டியில போங்க சாமி. சீமந்தச் சோறு எங்க ஓடிடப்போவுது?"

சொல்லிவிடலாம். ஒரு வார்த்தை போதும். கோமளம் அப்பாவைப் பார்த்தாள். அவர் எதிர்ப்பக்கம் பார்த்தார்.

"பரவால்லைப்பா," என்றாள் அவள். "அடுத்ததுலயே போலாம்."

வெயில் ஏறியது. ஓசூருக்குப் போகும் பஸ் வந்ததும், "நன்னா சாப்ட்டுட்டு வாங்கோ," என்று கையசைத்துவிட்டு சுந்தரேசன் ஏறிப் போனார். கோமளம் அதுவரை அடக்கிவைத்திருந்த இருமல் அதன் பிறகுதான் வெளியே வந்தது. முந்தானையால் வாயைப் பொத்தினாள். ரத்தம் நிற்கவில்லை. மைல்கல்லில் சாய்ந்தவள் அப்படியே கிடந்தாள்.

அடுத்த பஸ் வந்தபோது அனந்தபத்மநாபன் நடுரோட்டில் நின்று மறித்தார். மேல்துண்டு எங்கே விழுந்ததென்று அவருக்குத் தெரியவில்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போகணும். என் பொண்ணுக்கு க்ஷயம்," என்று வண்டி முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

ஜன்னலோரத்தில் ஒருவர் இடம்விட்டு எழுந்து நின்றார். அந்த பஸ்ஸின் கண்டக்டர் இறங்கிவந்து குனிந்தான். அவள் மூக்கருகே விரலை வைத்தான். வெகுநேரம் ஆகவில்லை.

"இனிமே பஸ்ல ஏத்தக்கூடாது சாமி," என்றான் மெதுவாக. "மாட்டுவண்டி பாருங்க."

கரிப்புகையைக் கக்கிக்கொண்டு வண்டி நகர்ந்தது. எழுந்தவர் இன்னும் உட்காரவில்லை. அந்தக் காலி இடம் வளைவு வரைக்கும் அனந்தபத்மநாபனுக்குத் தெரிந்துகொண்டே போயிற்று.