நீலமாக வாங்கிய கல்யாணப் புடவை

24 ஜனவரி 1989, செவ்வாய். புடவை சிவப்பு என்று நேற்று எழுதியது பிழை. யேசுதாசன் சொன்னதை மட்டும் கேட்டு எழுதிவிட்டேன். இன்று டைப்ரைட்டிங் வகுப்பு முடிந்து போய் விசாரித்தேன். என்னோடு படித்த பேபியின் கல்யாணப் புடவை பார்க்கிறவருக்கெல்லாம் அவரவர் அஞ்சும் நிறத்தில் தெரிகிறது.

வாங்கியது நீலம். பேபி, கிழக்குத் தாம்பரம் சர்ச்சில் மணியடித்துப் பூசைக்கு எடுத்துவைக்கும் கோயில்பிள்ளையாக இருக்கும் யேசுதாசனின் மகள். அவளுக்கும் மேற்குத் தாம்பரம் கிளியம்மாளின் மகன் லோகநாதனுக்கும் கல்யாணம் என்று முடிவாக இரண்டு வருஷம் பிடித்தது. மதச் சண்டை ஓய்ந்து புடவைச் சண்டை வந்தது. ஞானஸ்நானத்தில் குழந்தைக்குப் போடுவது வெள்ளை, கறை கழுவியதன் அடையாளம், மணப்பெண்ணுக்கும் அதுதான் என்றார் யேசுதாசன். கிளியம்மாளுக்கு வெள்ளை என்றால், புருஷன் செத்த அன்று மஞ்சளையும் குங்குமத்தையும் பறிகொடுத்த அவள் அக்கா. கூறைப்புடவை சிவப்புதான் என்று நின்றாள். கடைசியில், யாருக்கும் பாத்தியதை இல்லாத நிறம் என்று நீலம் எடுத்தார்கள்.

பிரித்துக் காட்டியதும் கிளியம்மாள் அலறினாள். "என் புள்ள உசுரோட கீறான், அதுக்குள்ள இன்னாத்துக்குடி வெள்ள?" யேசுதாசன் கண்ணுக்கோ அது பெரிய வெள்ளிக்கும் வேதசாட்சிகள் நாளுக்கும் சாமியாருக்கு எடுத்துவைக்கும் உடுப்பின் ரத்தச் சிவப்பு. திருப்பிக் கொடுக்கப் போனால் கடைக்காரர் சேட்டு கும்பிட்டார். "மஞ்சளா கீதும்மா. இத்த வெச்சிகினா நான் மஞ்சக் கடுதாசிதான் குடுக்கணும்." தாலிக்கயிற்றில் மஞ்சள் பூசும் இதே ஊரில் திவாலானவன் கொடுப்பதும் மஞ்சள்தான். பக்கத்துக் கடைச் சீனப் பல் டாக்டர் எட்டிப் பார்த்து, எங்களுக்குக் கல்யாணத்துக்குச் சிவப்பு, சாவுக்கு வெள்ளை, இது வெள்ளை என்றார். "பாத்தியா, சீனாக்காரனுக்கே தெரியுது!" என்று கிளியம்மாள் குதித்தாள். கல்யாணத்துக்கே வரமாட்டேன் என்றாள். தாய் வராமல் தாலி கட்டமாட்டேன் என்றான் லோகநாதன்.

பேபி புடவையை அலசினாள், வெயிலில் காயப்போட்டாள். ஒன்றும் மாறவில்லை. பொறுமை போய் இன்று சாயங்காலம் கிளியம்மாள் வீட்டு வாசலில் நின்றாள்.

"அத்தே, காலைல கோலம் போட்டீங்களே, அது இன்னா கலரு?"

"அரிசி மாவுடி."

"மாவு இன்னா கலரு?"

கிளியம்மாள் உள்ளே போய் மஞ்சளைக் குழைத்து வந்து, எந்தப் புதுத்துணிக்கும் வைப்பதுபோல் முந்தானை ஓரத்தில் தடவினாள். "இப்பவும் வெள்ளதான் கீது. மஞ்சா வெச்சாச்சு, கட்டிக்கோ." யேசுதாசன் வீட்டுக்குத் திரும்பி வந்த புடவையைப் பார்த்துவிட்டு, தூய ஆவி திருநாளுக்கும் அதே சிவப்பு உடுப்பைத்தானே எடுத்துவைக்கிறேன், நெருப்பாக இறங்கிய ஆவிக்கு, என்று அலுத்துக்கொண்டு ஒத்துக்கொண்டார்.

புடவை யாருக்கும் நிறம் மாறவில்லை. அதைப் பற்றி இனி யாரும் பேசுவதாக இல்லை.

நாளை காலை வேலை: போட்டோக்காரரிடம் போய், கலர் பிலிம் வேண்டாம், கறுப்பு வெள்ளையே போடுங்கள் என்று சொல்லிவிட்டு வரவேண்டும்.